எஃப், இசட் ஒலிகளைத் தமிழில் எழுதுவது எப்படி: ஃ எங்கே, ஜ எங்கே, ஸ எங்கே

பெயர்ப் பட்டியல், அழைப்பிதழ், மொழிபெயர்ப்பு, செய்தி என்று எதைத் தட்டச்சு செய்தாலும் ஒரு பக்கத்துக்குள் எஃப் ஒலியோ இசட் ஒலியோ வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது எழுத்து தெரியாததால் இல்லை. எந்த முடிவை முதலில் எடுப்பது, எதை அப்புறம் எடுப்பது என்ற வரிசை தெரியாததால்தான். ஒரே ஆள் மேலே பைசல், கீழே ஃபைஸல், கடைசிப் பக்கத்தில் ஃபைஜல் என்று மூன்று பேராக ஆகிவிடுவார். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பாருங்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, எழுத்து நடை பற்றிய ஒரு முடிவு. கிரந்த எழுத்துகளை (ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ) ஏற்கிற இடமா, தவிர்க்கிற இடமா? இதைக் கேட்காமல் ஆரம்பித்தால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். தவிர்க்கிற இடத்தில் பிரான்ஸ் இல்லை, பிரான்சு. ஜாகிர் இல்லை, சாகிர். இரண்டும் முறையான நடைகள்தான், கலந்து எழுதுவதுதான் தவறு.

ஒன்றைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: ஃ கிரந்த எழுத்து அல்ல. அது ஆய்தம், எஃகு, அஃது என்று நம் சொற்களிலேயே இருப்பது. ஆனாலும் மரபில் ஆய்தத்துக்கு முன்னால் ஒரு குறிலும் பின்னால் ஒரு வல்லின உயிர்மெய்யும் இருக்க வேண்டும், சொல்லின் முதலில் அது வராது. அதனால் தனித்தமிழில் உறுதியாக இருக்கிற இடங்கள் கிரந்தத்தோடு சேர்த்து ‘ஃபேன்’ போன்ற எழுத்துக்கூட்டலையும் மறுக்கும். ‘கிரந்தம் வேண்டாம்’ என்றால் ஃப-வும் வேண்டாமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விசைப்பலகை. தமிழ்99-ல் ஃ வருவது `Shift + F`, ஸ `Shift + Q`, ஜ `Shift + E`. ஃ கிடைக்காததால் முக்கோணமாக மூன்று புள்ளி இருக்கிற கணிதக் குறியையோ, இந்தி எழுத்தின் இரண்டு புள்ளிக் குறியையோ ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது. சரியான ஆய்தத்தின் ஒருங்குறி எண் இது:

```
ஃ  U+0B83
```

மூன்றாவது, ஒரு வெற்றுத் தாள் அல்லது தனிக் கோப்பு. ஒரு சொல்லுக்கு எடுத்த முடிவை அதில் உடனே எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் எல்லோரும் கடைசிப் படியில் மாட்டுகிறார்கள்.

## 2. ஆங்கில எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள்

நாம் எழுதப் போவது ஒலியை. ஆங்கில எழுத்துக்கூட்டல் பல இடங்களில் ஏமாற்றும். `ph` என்று இருந்தால் எல்லாம் எஃப் ஒலி இல்லை: போட்டோ, போன் இரண்டிலும் எஃப் ஒலி உண்டு, ஆனால் `Phalguni` என்ற பெயரில் இருப்பது அழுத்திச் சொல்லும் ப, பங்குனி மாதத்தோடு உறவுள்ள வடமொழிப் பெயர் அது. அதை ஃபால்குனி என்று எழுதினால் பெயரே மாறிவிடும். பால்குனி என்று எழுத வேண்டும். `Stephen` இன்னொரு விதம், அதில் பலர் சொல்வது வகர ஒலி, ஆனால் தமிழ்நாட்டில் ஸ்டீபன் என்றே பெயர் வைத்து அப்படியே கூப்பிடுகிறோம்.

இசட் பக்கமும் இதே கதை. ரோஸ், மியூசிக், பிஸி ஆகிய சொற்களின் ஆங்கில எழுத்தில் இசட் கிடையாது, ஒலி மட்டும் இசட். பீட்சாவில் இரண்டு இசட் இருக்கிறது, ஒலி ‘ட்ஸ்’. ஜெராக்ஸ் தொடங்குவது எக்ஸ் எழுத்தில், ஒலி இசட்.

எனவே முதலில் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு மனிதரின் பெயர் என்றால் அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

## 3. ஏற்கெனவே நிலைத்த வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள்

விதியைத் தேடுவதற்கு முன் இந்தப் படி. நிலைத்துவிட்ட சொல்லை ‘திருத்துவது’தான் புதியவர்கள் அதிகம் செய்கிற வேலை. பிப்ரவரியை ஃபிப்ரவரி ஆக்குவார்கள், ஆப்பிரிக்காவை ஆஃப்ரிக்கா ஆக்குவார்கள். தேவையே இல்லை. வாசகர் அந்தச் சொல்லை முழு உருவமாகவே அடையாளம் காண்கிறார், எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. இலங்கை வாசகர்களுக்கு எழுதினால் அங்கே நிலைத்தது பெப்ரவரி, காபி அங்கே கோப்பி. அந்த வடிவங்களையே பயன்படுத்துங்கள்.

இசட் ஒலியிலும் நிலைத்தவை நிறைய. பஜார், ஜமீன்தார், ஜில்லா, ஜரிகை, ராஜினாமா எல்லாம் பாரசீக வழியில் வந்து ஜ-வில் நின்றுவிட்டவை. பிரேசில், நியூசிலாந்து, அமேசான் ச-வில் நின்றுவிட்டவை. எழுத்தின் பெயரான ‘இசட்’டே ச-வில்தான் இருக்கிறது. இவற்றைத் தொட வேண்டாம்.

நிலைத்த வடிவம் இரண்டு இருந்தால் (காபி, காப்பி, மேசை, மேஜை) ஒன்றைத் தேர்ந்து உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் மாற்றாதீர்கள்.

## 4. எஃப் ஒலி: ப போதுமா, ஃப வேண்டுமா

நிலைத்த வடிவம் இல்லாத சொல்லுக்குத்தான் இந்தப் படி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஃ இல்லாவிட்டால் வேறு சொல்லாகப் படிக்க வாய்ப்பு இருக்கிறதா?

பேன், ஃபேன். பீஸ், ஃபீஸ். பைல்ஸ், ஃபைல்ஸ். இந்த மூன்று இணைகளையும் பார்த்தாலே போதும். ‘பைல்ஸ் பிரச்சினை தீர்ந்தது’ என்று ஓர் அலுவலக அறிக்கையில் எழுதினால் மருத்துவமா கோப்பா என்று படிப்பவர் நிற்பார். ‘பீஸ் கட்ட வேண்டும்’ என்ற வரியிலும் அப்படித்தான். இந்த மாதிரி இடத்தில் ஃ கட்டாயம். அல்லது கோப்பு, கட்டணம் என்று தமிழ்ச்சொல்லையே போட்டுவிடலாம், என்னைக் கேட்டால் அதுதான் முதல் வழி.

குழப்பம் இல்லாத சொல்லில் ப போதும். ஆனால் இங்கே பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. சொல்லின் நடுவில் இரண்டு உயிரொலிகளுக்கு இடையே தனி ப வந்தால் தமிழர் வாய் அதை மெலிதாக, ‘கோபம்’ என்பதில் வருவது போலச் சொல்லும். எஃப் ஒலியிலிருந்து அது தூரம் போய்விடுகிறது. அதனால்தான் பழைய வடிவங்களில் ப் இரட்டித்தது: காப்பி, ஆப்பிரிக்கா. நீங்கள் ஃ இல்லாமல் எழுதுவதாக முடிவு செய்தால் முதலில் ஒற்றை ப, நடுவில் ப்ப என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃ போட்டு எழுதினால் இரட்டிக்கக் கூடாது. காஃபி சரி, காஃப்பி தவறு, ஏனென்றால் ஃ ஏற்கெனவே அந்த ப-வின் ஒலியை மாற்றிவிட்டது, இன்னொரு ப் வந்தால் ஒரு பகர ஒலியும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

பெயர்ச்சொற்களுக்கு மட்டும் என் பரிந்துரை வேறு. மனிதரின் பெயரில் குழப்பம் வருமா என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது, அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படி. அவர் பாத்திமா என்று கையெழுத்துப் போட்டால் பாத்திமா, ஃபாத்திமா என்றால் ஃபாத்திமா. கேட்க வழியில்லை என்றால் ஆதார் அட்டையிலோ குடும்ப அட்டையிலோ தமிழில் இருக்கும் வடிவத்தைப் பாருங்கள். அதில் பிழை இருக்கவும் கூடும் என்பதால் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

## 5. ஃப-வைச் சரியாகச் சேர்ப்பது

ஃ தன் மேல் எதையும் வாங்காது. உயிர்க்குறியும் புள்ளியும் எப்போதும் ப-வின் மேல்தான்: ஃபா, ஃபி, ஃபே, ஃப். இதில் சறுக்குவது பெரும்பாலும் சொல்லின் இறுதியில். யூசுஃப் என்ற பெயரை ‘யூசுஃ’ என்று நிறுத்திவிடுவார்கள். ஃ மட்டும் நின்றால் அது எஃப் ஒலி தராது, ப் கட்டாயம் வேண்டும்.

வேற்றுமை உருபு சேரும்போது புள்ளி போய் உயிர் ஏறும். யூசுஃப் + ஐ என்பது யூசுஃபை. யூசுஃப்பை இல்லை.

அடுத்தது சந்தி. ‘அந்த’ என்ற சொல்லுக்குப் பின் ப வந்தால் ஒற்று மிகும் என்று படித்திருப்பதால் ‘அந்தப் ஃபேன்’ என்று எழுதுகிறார்கள். இங்கே மிகாது. ஒற்று மிகுவதற்குக் காரணம் வருமொழி க, ச, த, ப என்ற வல்லினத்தில் தொடங்குவது. ஃபேன் தொடங்குவது ஃ-இல், ஒலியிலும் அது வல்லினப் ப இல்லை. ‘அந்த ஃபேன்’, ‘புதிய ஃபைலைக் கொடு’ என்று எழுதினால் படிக்கவும் தடங்கல் இருக்காது. ஆனால் அதே சொல்லை ப-வில் எழுத முடிவு செய்திருந்தால் ஒற்று திரும்ப வந்துவிடும்: ‘இந்தப் போட்டோ’. நான்காம் படியின் முடிவு இங்கே நேரடியாகப் பாதிப்பதால்தான் அதை முதலில் எடுக்கச் சொன்னேன்.

## 6. இசட் ஒலி: சொல்லில் எங்கே வருகிறது என்று பாருங்கள்

எஃப் ஒலிக்கு ஒரு நிலைத்த வழி கிடைத்துவிட்டது, இசட்டுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. ஆனால் பொதுவழக்கைக் கூர்ந்து பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

சொல்லின் முதலில் வந்தால் ஜ: ஜீரோ, ஜிப், ஜெராக்ஸ், ஜீப்ரா. இசட்டில் இருக்கும் அதிர்வு ஜ-விலும் இருக்கிறது. ச போட்டால் அந்த அதிர்வு போய்விடுகிறது, ‘சிப்’ என்று எழுதினால் கணினிச் சில்லு போலவும் ஆகிவிடுகிறது.

இறுதியில் வந்தால் ஸ்: சைஸ், ரோஸ், குவிஸ். ஜ் என்று முடித்தால் ராஜ் என்பதைப் போல அடைபட்டு நிற்கும், இசட்டின் இழுபடும் தன்மை கிடைக்காது. ச் என்று முடிக்கவும் முடியாது, தமிழில் ச் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. கிரந்தம் தவிர்க்கிறவர்கள் இதனால்தான் உகரம் சேர்த்து ‘சு’ என்று முடிக்கிறார்கள். வேறு எழுத்துகளால் ஈடுசெய்ய முடியாதபடி ஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுவே.

நடுவில் வந்தால் ச அல்லது ஸ: டீசல், லேசர், மியூசியம், பிஸி. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் தனி ச-வை நாம் இயல்பாகவே ‘பாசம்’ என்பதில் போல ஸகரமாகத்தான் ஒலிக்கிறோம், ஆகவே ச-வே போதும், ஸ போட்டாலும் ஒலி மாறப்போவதில்லை. கண்ணுக்கு எளிது என்பதால் நான் ச-வையே எடுப்பேன். இரண்டு இடங்களில் மட்டும் கவனம். ஞ்-க்கு அடுத்து ச வந்தால் ‘பஞ்சு’ போல ஜகர ஒலிக்குப் போய்விடும், இரட்டித்தால் ‘பச்சை’ போல அழுந்திவிடும்.

இந்த ஒழுங்கால் தீராத இடங்களும் உண்டு. விலையையும் பரிசையும் குறிக்கிற ஆங்கிலச் சொற்கள் தமிழில் இரண்டுமே ‘பிரைஸ்’. எந்த எழுத்தை மாற்றினாலும் பிரித்துக் காட்ட முடியாது. விலை, பரிசு என்றே எழுதிவிடுங்கள்.

## 7. அரபு, உருதுப் பெயர்களுக்குத் தனியாக ஒரு படி

இங்கேதான் அதிகப் பிழை, காரணமும் புரிந்துகொள்ள வேண்டியது. ஆங்கிலத்தில் இசட் போட்டு எழுதப்படும் ஒலிக்கு அரபியில் ஒரே எழுத்து இல்லை. வெவ்வேறு எழுத்துகள் உருது வழியாக வரும்போது ஒரே இசட் ஒலியாகிவிடுகின்றன. ஆகவே உருது வழியில் வந்த சொல் தமிழில் ஜ-வை எடுக்கிறது, அரபியிலிருந்து நேராக வந்த வழக்கு அந்தந்த எழுத்துக்கு ஏற்ப ஸ, ள, ல என்று பிரிகிறது.

நோன்பு மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உருது வழி ரம்ஜான், அரபு வழி ரமலான் அல்லது ரமளான். மதியத் தொழுகை தமிழ் முஸ்லிம்களின் எழுத்தில் லுஹர் அல்லது ளுஹர். கட்டாயக் கடமை ஃபர்ளு. மக்காவின் கிணற்று நீர் ஜம்ஜம் என்றும் ஸம்ஸம் என்றும் வருகிறது, ஈகைக் கடமை ஜகாத் என்றும் ஸகாத் என்றும். ஒன்றை இன்னொன்றின் பிழை என்று நினைத்துத் திருத்தினால் எழுதியவரின் வழக்கையே அழித்துவிடுகிறீர்கள். ‘ஃபர்ளு’வை ‘ஃபர்ஜு’ ஆக்குகிற திருத்தம் அப்படிப்பட்டது.

செய்ய வேண்டியது இது: ஒரு கட்டுரை முழுக்க எந்த வழக்கு என்று எழுதியவரிடமே கேட்டு அதில் நில்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ரமலான், ரம்ஜான் என்று மாறக் கூடாது. அமைப்புகள், கடைகள், மனிதர்கள் ஆகியோரின் பெயர் மட்டும் அவரவர் எழுதுவது போல.

## 8. ஃஜ, ஃஸ போடலாமா

ஃப போல ஃஜ என்றும் ஃஸ என்றும் எழுதி இசட்டைக் காட்டலாம் என்ற யோசனை உண்டு, சில அட்டவணைகளிலும் பார்க்கலாம். ஓர் ஒலியியல் விளக்கத்திலோ, அரபு ஓதல் கற்பிக்கும் ஏட்டிலோ, முன்பக்கத்தில் ‘இந்தக் குறி இந்த ஒலிக்கு’ என்று சொல்லிவிட்டுப் பயன்படுத்தினால் பிரயோஜனம் உண்டு.

பொது வாசகருக்கு வேண்டாம். ஃஸ-வை இசட்டுக்கு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், வேறு ஒலிக்கு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆகவே அது எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. ‘ஃஜீரோ’ என்று எழுதினால் படிப்பவர் முதலில் நின்று, ஃ-வைத் தனியாகச் சொல்லிப் பார்த்து, அப்புறம் விட்டுவிட்டு ஜீரோ என்றே படிக்கிறார்.

## 9. ஒரு பட்டியலை முழுதாகச் செய்து பார்ப்போம்

ஒரு விழா மலருக்கு ஆங்கிலத்தில் இப்படிப் பெயர்கள் வந்திருக்கின்றன, கிரந்தம் ஏற்கிற நடை:

```
Faizal
Aziz
Zakir
Yusuf
Fernando
Phalguni
```

முதல் பெயர்: முதலில் எஃப் ஒலி, நடுவில் இசட். ஆறாம் படிப்படி நடுவில் ச போதும், ஃபைசல். அவர் பைசல் என்று எழுதுகிறவர் என்றால் பைசல். நடு எழுத்துக்கு ஜ வேண்டாம், இந்தப் பெயரில் அந்த வழக்கு இல்லை.

இரண்டாவது பெயரில் இரண்டு இசட். இங்கே ஏழாம் படி முந்திக்கொள்ளும். உருது வழியில் அஜீஸ், அரபு வழியில் அஸீஸ். இரண்டிலும் இறுதி ஸ்தான், அஜீஜ் என்று எழுதுவது அரிது என்பதைக் கவனியுங்கள், இறுதிக்கான விதி அவ்வளவு உறுதி. எது என்று கேட்டுத் தாளில் எழுதுங்கள்.

மூன்றாவது, முதலில் இசட்: ஜாகிர். நான்காவது யூசுஃப், இறுதியில் ப் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஐந்தாவது பெயருக்கு நிலைத்த வடிவங்கள் பல: தூத்துக்குடிப் பக்கம் பர்னாந்து என்றும் பெர்னாண்டோ என்றும் ஃபெர்னாண்டோ என்றும் குடும்பங்கள் எழுதுகின்றன. நீங்களாகத் தேர்ந்தெடுக்க இங்கே இடமே இல்லை, கேட்டே ஆக வேண்டும். ஆறாவது பால்குனி, இரண்டாம் படியிலேயே முடிந்துவிட்டது.

## 10. கடைசிச் சரிபார்ப்பு

எல்லாம் தட்டி முடித்ததும் தேடல் பெட்டியைத் திறந்து தாளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஃ இல்லாமல் தேடுங்கள். ‘பைசல்’ என்று தேடினால் ஃபைசலும் சேர்ந்து கிடைக்கும், ஃ தனி எழுத்தாக முன்னால் நிற்பதால். ‘ஃபைசல்’ என்று தேடினால் பைசல் கிடைக்காது, தப்பியதே தெரியாது. பல வடிவங்களை ஒரே தேடலில் எழுதும் சுருங்குறித்தொடரை ஏற்கிற மென்பொருள் என்றால் பைசல், பைஸல், ஃபைசல், ஃபைஸல் என்ற நான்கு வடிவங்களையும் ஒரே தடவையில் பிடிக்கலாம்:

```
ஃ?பை(ச|ஸ)ல்
```

மொத்தமாக மாற்றும் கட்டளையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். ‘பைல்’ என்பதை ‘ஃபைல்’ என்று மாற்றச் சொன்னால் மொபைல் எல்லாம் மொஃபைல் ஆகிவிடும், ஏற்கெனவே சரியாக இருந்த ஃபைல் ஃஃபைல் ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், முடிந்ததும் ‘ஃஃ’ என்று ஒருமுறை தேடுங்கள்.

பட்டியல் அகரவரிசையில் போக வேண்டும் என்றால் இன்னொரு வேலை பாக்கி. ஃ-இன் இடம் ஔ-வுக்குப் பின்னும் க-வுக்கு முன்னும். கணினி அடுக்கினால் ஃபைசல், ஃபெர்னாண்டோ இருவரும் க-வுக்கு மேலே போய் உட்காருவார்கள், பாத்திமாவும் பால்குனியும் ப-வில் இருப்பார்கள். அச்சிட்ட பெயர்ப் பட்டியலில் ப-வில் தேடுகிறவருக்கு ஃபைசல் கிடைக்கமாட்டார். அகராதிக்கு அந்த வரிசை சரி. விழா மலருக்கோ தொலைபேசிப் பட்டியலுக்கோ ஃ-வை விட்டுவிட்டு ப-வின் கீழ் கையால் நகர்த்தி வைப்பதே வழி. அதை எல்லாப் பெயர்களும் முடிவான பிறகு, அச்சுக்குப் போகும் முன் ஒரே தடவையாகச் செய்யுங்கள், இடையில் ஒருவர் ஃ வேண்டாம் என்று சொன்னால் மறுபடி அடுக்க வேண்டியிருக்காது.